ஃப்ரிட்ஜின் பின்னால் கருகல் வாடை: தூசியா, மின்கோளாறா?

கேள்வி: "எங்கள் வீடு ராயபுரத்தில். நேற்றிலிருந்து ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கருகல் வாடை வருகிறது. மோட்டாரில் தூசி படிந்ததால் வருகிறதா, வயர் ஏதும் எரிகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?"

முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பிளக் இளகியிருந்தால் அதைத் தொடாமல் மெயினை நிறுத்துங்கள். பிறகு அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஓடிய கம்ப்ரஸர் கையைச் சுட்டுவிடும்.

பாதி விடை அந்த அரை மணியிலேயே தெரிந்துவிடும். தூசி வாடை சூட்டில் எழுவது. சூடு தணிந்தால் அதுவும் அடங்கும். வயரின் உறையோ பிளாஸ்டிக்கோ தீய்ந்தால் வாடை காட்டமாக இருக்கும், ஆறிய பிறகும் போகாது. சில பிளாஸ்டிக் தீயும்போது மீன் வாடை போலவே வரும். நம் பக்கத்தில் அதைக் கடற்கரைக் காற்று என்று விட்டுவிடுகிறோம். அதுதான் எனக்குக் கவலை.

காசிமேட்டில் என் அத்தை வீட்டில் நடந்ததும் இதுதான். கம்ப்ரஸர்மேல் ஒட்டடை கனமாகப் படிந்திருந்ததால் அதைத் துடைத்ததோடு எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். வாடை போகவில்லை. கம்ப்ரஸர் சில நொடி முனகும், 'டிக்' என்று நிற்கும், சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே முனகல், அதே 'டிக்'. கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் திணறும்போது, ஓவர்லோடு என்கிற பாதுகாப்புக் கருவி மின்சாரத்தைத் துண்டிக்கும் சத்தம் அது. வோல்டேஜ் குறைந்தாலும் இப்படி நடக்கும் என்பதால் சத்தத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரவேண்டாம். சத்தத்தோடு தீய்ந்த வாடையும் இருந்தால், கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே பக்கம் கோளாறு இருக்கலாம்.

மெக்கானிக் கம்ப்ரஸரின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். ரிலேயில் செருகும் பித்தளைக் கிளிப் பச்சை பூத்திருந்தது. அதை ஒட்டிய வெள்ளை வயர் விரல் நீளத்துக்குப் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. உப்புக்காற்றில் கிளிப் அரித்தால் பிடி தளரும். தளர்ந்த இடம் சூடேறும். சூட்டில் பிளாஸ்டிக் தீயும். அவர் ரிலேயையும் ஓவர்லோடையும் மாற்றியதோடு, கருகிய வயரை வெட்டிப் புதுக் கிளிப்பும் போட்டார். பழைய கிளிப்பிலேயே புது ரிலேயைச் செருகினால் அதுவும் கருகிவிடும். உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் இதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

பழுப்போ கருமையோ எங்கும் இல்லாமல் தூசி மட்டும் இருந்தால், காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், ஈரத்துணி வேண்டாம். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து ஓடவிட்டு, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். வாடை குறைந்துகொண்டே வரவேண்டும். குறையாவிட்டால் மறுபடியும் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பின்பக்க லேபிளில் R600a என்று இருந்தால் உள்ளே இருப்பது தீப்பற்றும் வாயு. மூடியை நீங்களே திறக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் வைத்தால் பாலும் மாவும் நான்கு மணி நேரம் வரை தாங்கும்.