அந்த அக்கா "சரி" என்றபோது

மகள், உங்கள் கடிதத்தில் மத்தியஸ்தராவதற்கு எந்தப் படிப்பு என்ற கேள்வியைவிட, ஹட்டனில் மத்தியஸ்த சபையில் பார்த்த பிணக்குதான் பெரிதாகத் தெரிகிறது. அதையே முதலில் பேசுவோம்.

ஒரு அக்கா லயத்துக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் மாதம் 10 வீத வட்டிக்கு 40,000 ரூபாய் வாங்கி, 14 மாதம் 4,000 வீதம் கட்டிவிட்டார். 56,000 போயும் முதல் அப்படியே நிற்கிறது. அதையும் மாதம் 5,000 வீதம் 8 மாதத்தில் கட்டுவதாக யாரும் மிரட்டாமலே ஒப்புக்கொண்டார், மத்தியஸ்தர்கள் மூன்று பேரும் எழுதி முடித்தார்கள், உங்களுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

1988ஆம் ஆண்டு மத்தியஸ்த சபைகள் சட்டப்படி அவர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆளுக்கொருவரை இரு தரப்பும் தெரிவுசெய்ய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரை எடுக்கிறார்கள். அப்படி வந்தவர் "இது அநியாயம், 10,000 போதும்" என்று சொன்ன நிமிடமே கடைக்காரருக்கு அவர் எதிர்க்கட்சி ஆகிவிடுவார். நியாயமான முடிவுக்கு மத்தியஸ்தரும் பொறுப்பு என்று சஸ்கிண்ட் என்ற பேராசிரியரும், அந்தப் பொறுப்பு நடுநிலைமையையே கெடுக்கும் என்று ஸ்டல்பெர்க் என்ற மத்தியஸ்த அறிஞரும் 1981இல் அமெரிக்காவில் மோதிக்கொண்டது இதைப் பற்றித்தான். தொகையில் நான் ஸ்டல்பெர்க் பக்கம். ஆனால் வாயை மூடிக்கொண்டு கையொப்பம் வாங்குவதை நடுநிலைமை என்று ஏற்க மாட்டேன்.

நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் எழுதுவதற்கு முன் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள், ஒருவரிடம் மட்டும் பேசினால் அதுவே சாய்வாகத் தெரியும். அக்காவிடம் இதுவரை கட்டியதைக் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டில் பிடிப்புகள் போக மிஞ்சுவதில் 5,000 எங்கிருந்து வரும், இன்று இணங்காவிட்டால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். இணங்காவிட்டால் இணக்கம் வரவில்லை என்று சபை ஒரு சான்றிதழ் கொடுக்கும், கடைக்காரர் வழக்குக்குப் போகலாம், அங்கே வட்டியைப் பற்றிய கேள்வியும் எழலாம். இது தெரியாமல் அக்கா "சரி" சொல்லியிருந்தால் அது அரை சம்மதம்தான். சட்டத்தை நீங்கள் விளக்கப் போகாதீர்கள், அமர்வை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைத்து, சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுவர இருவருக்கும் அவகாசம் கொடுங்கள்.

எல்லாம் தெரிந்த பிறகும், "மாசக் கடைசியில அரிசி கடனுக்குத் தர்றது அந்தக் கடை மட்டும்தான்" என்று அவர் சொல்லலாம். அப்படியானால் நமக்கு அநியாயமாகத் தெரிந்த தொகைக்குள் அவர் வாங்கும் ஒன்று இருக்கிறது, அதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. அந்த அரிசிக் கடன் தொடரும் என்பதையும் உடன்பாட்டில் எழுதலாமா என்று கேட்கலாம், அவ்வளவுதான். பயம், ஏமாற்று, விளங்காமை இருந்தால் மட்டும் உடன்பாட்டை எழுதாமல் நிறுத்துங்கள்.

அப்புறம் தொழில்: சபை மத்தியஸ்தம் தன்னார்வப் பணி, அதில் சம்பளம் கிடையாது. பிழைப்புக்குச் சட்டமோ சமூகப் பணியோ படியுங்கள், அம்மாவிடமும் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.