ஸ்டடி ஹால் விளம்பரத்துக்கு ஒரு நிமிட வசனம்

கேள்வி: கும்பகோணத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முதல் மாடியில் 40 மேசை போட்டு ஸ்டடி ஹால் ஆரம்பித்திருக்கிறேன். 24 மேசை நிரந்தரம், மாதம் 1,200 ரூபாய். 16 மேசை ஷிப்டுக்கு, 750 ரூபாய்; ஷிப்ட் மதியம் 2 மணிக்கு மாறும். முன்பணம் 500, போகும்போது திருப்பித் தருவேன். காலை 6 முதல் இரவு 10 வரை, ஞாயிறு மட்டும் மதியம் 2 வரை. டிஎன்பிஎஸ்சி படிப்பவர்கள் வருகிறார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஐடி பிள்ளைகளும் கேட்கிறார்கள். வெளியே ஒரு வராந்தா உண்டு. ஒரு நிமிட வீடியோவுக்கு வசனம் எழுதித் தாருங்கள் சார்.

பதில்: வசனத்துக்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஹாலுக்குள் போன் பேசலாமா, கூடாதா? ஐடி வேலை என்றால் மீட்டிங் இருக்கும், மீட்டிங் என்றால் பேச்சு இருக்கும். குரூப் 4-க்குப் படிக்கிறவர் பக்கத்து மேசையில் ஒருவர் அரை மணி நேரம் ஹெட்போனில் பேசுவதைத் தாங்க மாட்டார். கதவுள்ள தனி அறை இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. அதனால் "படிக்கவும் வேலை பார்க்கவும் ஏற்ற இடம்" என்று சொல்லாதீர்கள். பேசாமல் செய்யும் வேலைக்கு மட்டும் இடம் உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வருகிற நாலு பேர் குறையலாம். ஆனால் சேர்ந்தவர்கள் மறு மாதமும் பணம் கட்டுவார்கள்.

"அமைதியான சூழல்" என்று எல்லா ஸ்டடி ஹாலும் போர்டில் எழுதுகிறது. கேட்பவர் அதை நம்புவதில்லை. விதியைச் சொன்னால் நம்புவார். இன்னொன்று, விதியைச் சொல்லும் இடத்தில் பின்னணி இசையை நிறுத்திவிடுங்கள். ஆள் நிறைந்திருக்கும் நேரத்தில் ஹாலுக்குள் மைக் வைத்துப் பத்து விநாடி பதிவு செய்து, அந்த ஒலியை மட்டும் ஓடவிடுங்கள். மின்விசிறிச் சத்தமும் தாள் புரளும் சத்தமும் போதும். பாதி விளம்பரத்தை அந்தப் பத்து விநாடியே செய்துவிடும்.

அந்த மௌனத்தைக் கழித்தால் பேச ஐம்பது விநாடிதான். தமிழை நிதானமாக வாசித்தால் அதில் எண்பது சொல்லுக்கு மேல் அடங்காது. இப்படிப் பேசலாம்:

"கும்பகோணம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், முதல் மாடியில் 40 மேசை.

இதில் 24 மேசை நிரந்தரம். உங்கள் எண் போட்ட மேசை. நீங்கள் வீட்டுக்குப் போன பிறகும் உங்கள் புத்தகம் அங்கேயே இருக்கும். 16 மேசை ஷிப்டுக்கு.

உள்ளே பேச்சு கிடையாது. போன் சைலன்ட்டில் இருக்கும். அழைப்பு வந்தால் வராந்தாவுக்குப் போக வேண்டும்.

(பத்து விநாடி, ஹாலின் ஒலி மட்டும்)

காலை 6 முதல் இரவு 10 வரை. ஞாயிறு மதியம் 2 வரை. ஷிப்ட் மாறுவது மதியம் 2 மணிக்கு.

நிரந்தர மேசை மாதம் 1,200. ஷிப்ட் 750. முன்பணம் 500, போகும்போது திருப்பித் தருவோம். வந்து பார்த்துவிட்டுச் சேருங்கள்."

சேரும் நாளில் கையில் எவ்வளவு வேண்டும் என்பதையும் திரையில் எழுத்தாகக் காட்டுங்கள்: நிரந்தரத்துக்கு 1,700, ஷிப்டுக்கு 1,250. படி ஏறி வந்த பிறகு "முன்பணம் தனி" என்று கேட்டால் மாணவர்களுக்குக் கோபம் வரும், நியாயம்தான். ஏசி, லாக்கர், வைஃபை எதற்காவது தனியாக வாங்குவதாக இருந்தால் அதுவும் இதே இடத்தில் வந்துவிட வேண்டும்.

"உங்கள் புத்தகம் அங்கேயே இருக்கும்" என்ற வரியைக் கவனியுங்கள். நிரந்தர மேசையை விற்பது அந்த வரிதான், அதை மீற ஆசை வருவதும் அங்கேதான். ஷிப்ட் மேசை இருவருக்குப் போனால் மாதம் 1,500 கிடைக்கும், நிரந்தரம் 1,200. அதனால் ஆள் வராத நாளில் நிரந்தர மேசையில் வேறொருவரை உட்கார வைக்கத் தோன்றும். வேண்டாம். ஒருமுறை தன் இடத்தில் இன்னொருவரைப் பார்த்தால் அவர் அடுத்த மாதம் இருக்க மாட்டார். இடம் போதவில்லை என்றால் நாலு நிரந்தர மேசையை ஷிப்டுக்கு மாற்றி, வசனத்திலும் எண்ணிக்கையைத் திருத்துங்கள்.

அப்புறம், மதியம் 2 மணிக்கு ஒரே நேரத்தில் பதினாறு பேர் எழுந்து போக, பதினாறு பேர் உள்ளே வருவார்கள். ஷிப்ட் மேசைகளைக் கதவோரமாகப் போட்டால் நாற்காலி இழுக்கும் சத்தம் உள்ளே இருப்பவரை எட்டுவது குறையும். வீடியோ எடுப்பதற்கு முன்பே இதை மாற்றிவிடுங்கள். படத்தில் பார்த்த இடமும் நேரில் வருகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முன்பணம் எத்தனை நாள் முன்னால் சொன்னால் திரும்பக் கிடைக்கும் என்பதை வசனத்தில் சேர்க்க நேரமில்லை. அதை ரசீதின் பின்பக்கம் அச்சடித்து, சேரும்போதே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.