பிரெஞ்சில் ‘அறை’க்கு ஏன் மூன்று சொற்கள்?

கேள்வி: பிரெஞ்சில் வீட்டை விவரிக்கும்போது பியெஸ், ஷாம்ப்ர், சல் மூன்றுமே அறைதானா? எதை எங்கே சொல்வது?

பியெஸ் என்பது பொதுச்சொல். அறைகளை எண்ணும்போது வரும். ஷாம்ப்ர் என்றால் படுக்கையறை. சல் வீட்டில் பெரும்பாலும் தனியாக வராது, எதற்கான அறை என்று பின்னால் சேர்த்துச் சொல்வார்கள்: சாப்பிடும் அறை ‘சல் ஆ மான்ஜே’, குளியலறை ‘சல் த பேன்’.

நாம் எல்லாவற்றுக்கும் ‘அறை’ என்று சேர்த்துவிடுகிறோம். பிரெஞ்சு, பயன்பாட்டைப் பார்த்துச் சொல்லையே மாற்றுகிறது. நெல், அரிசி, சோறு என்று நாம் பிரித்துச் சொல்வதில்லையா, அப்படித்தான். அதனால் கட்டிலும் அலமாரியும் உள்ள அறையைச் சொல்ல ஷாம்ப்ர் போதும். சோபா போட்ட கூடத்தை அப்படிச் சொன்னால், அங்கே யாரோ தூங்குவதாக நினைப்பார்கள். அது சலோன்.

சரி, பிரான்சில் வாடகை விளம்பரத்தில் T3 என்று பார்த்தால்? மூன்று பியெஸ். வழக்கமாக ஒரு கூடம், இரண்டு ஷாம்ப்ர். தனிச் சமையலறை, குளியலறை, கழிப்பறை கணக்கில் வராது. கழிப்பறை பல வீடுகளில் தனிக் கதவோடு இருக்கும், அதைக் கேட்க ‘துவாலெத்’ என்றே சொல்லுங்கள்.

T3-ஐ மூன்று படுக்கையறை என்று பலர் நினைக்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் இரண்டே.