பாங்கில் 8 லட்சம் இருந்தும் மெயின்டெனன்ஸ் ஏன் ஏறுகிறது?

"எங்கள் அபார்ட்மென்டில் 24 வீடுகள். பாங்கில் 8 லட்சத்துக்கு மேல் இருக்கிறதே, மெயின்டெனன்ஸை ஏன் ஏற்ற வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளராக நான் எப்படி விளக்குவது? கணக்கை அனுப்பியிருக்கிறேன்."
– அல்சூர், பெங்களூரு

வரவு செலவு அட்டவணையை வரிவரியாகப் படிக்காதீர்கள். எல்லோர் மனதிலும் இருக்கும் அந்த பாங்க் இருப்பிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். மார்ச் 31 அன்று டெபாசிட்டும் சேர்த்து 8,10,000 ரூபாய். அதில் 6,00,000 பெயின்டிங், லிஃப்ட் போன்ற பெரிய வேலைகளுக்கென்று தனியாக வசூலித்த சேமநிதி. 84,000, இரண்டு வீட்டார் அடுத்த ஆண்டுக்கு முன்கூட்டியே கட்டிய பணம். இன்னொரு 58,000, செக்யூரிட்டிக்கும் டேங்கர்காரருக்கும் தரவேண்டிய மார்ச் மாத பாக்கி. இவை போக மிச்சம் 68,000. உங்கள் ஒரு மாதச் செலவே 80,000. இந்தக் கழித்தலை போர்டில் எழுதியே காட்டுங்கள்.

அடுத்து வரவு. வீட்டுக்கு மாதம் 3,500 வீதம் வரவேண்டியது 10,08,000, செலவு 9,60,000. காகிதத்தில் 48,000 உபரி தெரியும். ஆனால் மூன்று வீட்டார் ஆறு மாதம் கட்டாததால் 63,000 இன்னும் வரவில்லை. ஆக உண்மையில் 15,000 பற்றாக்குறை. போன ஆண்டு கையிருப்பு 83,000 இப்போது 68,000 ஆனது இதனால்தான். நிலுவைக்காரர்களின் பெயரைச் சபையில் படிக்க வேண்டாம். எத்தனை வீடு, எத்தனை மாதம் என்று மட்டும் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால் கூட்டம் சண்டையில்தான் முடியும், கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள்.

செலவில், போன ஆண்டைவிட மிகவும் மாறியதை மட்டும் விளக்கினால் போதும். உங்களுக்கு அது தண்ணீர். டேங்கர் செலவு 96,000-லிருந்து 1,68,000 ஆகியிருக்கிறது. "விலை ஏறிவிட்டது" என்று பொதுவாகச் சொன்னால் சந்தேகம்தான் வரும். போன ஆண்டு 96 லோடு, லோடு 1,000 ரூபாய். இந்த ஆண்டு 140 லோடு, லோடு 1,200 ரூபாய் என்று பிரித்துச் சொல்லுங்கள். போர்வெல்லில் தண்ணீர் குறைந்ததுதான் பெரிய காரணம், விலை அதற்கு அடுத்தது என்பது அவர்களுக்கே புரியும்.

கடைசியாக சேமநிதி. மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் அது சும்மா கிடக்கும் பணம்போலத் தோன்றும். அதனால் வரப்போகும் வேலையோடு சேர்த்தே சொல்லுங்கள். மூன்று ஆண்டில் வெளிப்புற பெயின்டிங்குக்கு 9,00,000 ஆகும் என்று உங்கள் மதிப்பீடு சொல்கிறது. இன்னும் வேண்டியது 3,00,000. 36 மாதம், 24 வீடு என்று வகுத்தால் வீட்டுக்கு மாதம் சுமார் 350 ரூபாய். வட்டியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குள் பெயின்ட் விலையும் கூலியும் ஏறும். லிஃப்டுக்கு மதிப்பீடே வாங்கவில்லை போலிருக்கிறது. கூட்டத்துக்கு முன் அதையும் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி ஏற்ற வேண்டி வரும்.

டெபாசிட் ரசீதுகளின் நகலையும் மார்ச் 31 இருப்பு தெரியும் பாங்க் ஸ்டேட்மென்டையும் மேஜையில் வையுங்கள். நீங்கள் சொல்லும் 8,10,000 அவற்றோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்.