படம் வருது, சத்தம் வரல: கன்சோலும் ஊமை மானிட்டரும் – கேள்வி பதில்

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, பிஎஸ்4 ஸ்லிம் வச்சிருக்கேன். ஆபீஸ்ல கழிச்ச பழைய மானிட்டர், டிவிஐ மட்டும்தான் இருக்கு. எச்டிஎம்ஐ-யிலிருந்து சத்தத்தைத் தனியாப் பிரிக்கிற எக்ஸ்ட்ராக்டர் பெட்டி வாங்கி ஸ்பீக்கர் மாட்டினேன். படம் வருது, சத்தம் துளி கூட வரல. பெட்டி போச்சா?

பெட்டி போயிருக்காது தம்பி. கன்சோல் சத்தத்தையே அனுப்பவில்லை. அனுப்பாத சத்தத்தை எந்தப் பெட்டியாலும் பிரித்தெடுக்க முடியாது.

கேபிளைச் சொருகியதும் கன்சோல் முதலில் செய்வது, எதிர்முனையில் இருக்கும் கருவியின் விவரத்தைப் படிப்பது. என்னென்ன ரெசல்யூஷன் காட்டும், சத்தம் வாங்குமா, எத்தனை சேனல் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். இதற்கு இடிஐடி என்று பெயர். உங்கள் மானிட்டர் டிவிஐ காலத்தது. அதன் இடிஐடியில் சத்தம் பற்றி ஒரு வரியும் இருக்காது. எக்ஸ்ட்ராக்டர் நடுவில் இருந்தாலும் மானிட்டர் சொல்வதை அப்படியே கன்சோலுக்குக் கடத்திவிடுகிறது. கன்சோலும் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பெரும்பாலும் பாஸ், 2 சிஎச், 5.1 சிஎச் என்று மூன்று நிலை. கடையிலிருந்து வரும்போது பாஸில் இருக்கலாம். பாஸ் என்றால் மானிட்டர் சொல்வதே கன்சோலுக்குப் போகும். 2 சிஎச்சில் வைத்தால் "இங்கே ஸ்டீரியோ சத்தம் வாங்கும் கருவி இருக்கிறது" என்று பெட்டியே கன்சோலிடம் சொல்லும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் சுவிட்சைத் தள்ளிவிட்டு உடனே காதைத் தீட்டாதீர்கள். கன்சோல் இடிஐடியைப் படிப்பது இணைப்பு புதிதாக ஏற்படும்போதுதான். அதனால் பிஎஸ்4-ஐ முழுசாக அணைத்துவிடுங்கள், ரெஸ்ட் மோட் போதாது. பெட்டியின் யூஎஸ்பி பவரைப் பிடுங்குங்கள். சுவிட்சை 2 சிஎச்சுக்கு மாற்றுங்கள். பவர் கொடுங்கள், மானிட்டரைப் போடுங்கள், கடைசியில் கன்சோலைப் போடுங்கள். என்னிடம் வரும் புகார்களில் பாதி, ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சைத் தள்ளிவிட்டு "மாத்தியும் வரல" என்பதுதான்.

அப்புறம் பிஎஸ்4-ல் Settings > Sound and Screen > Audio Output Settings போய், Audio Format என்ற இடத்தில் Linear PCM இருக்கிறதா பாருங்கள். பெட்டியின் 3.5 எம்எம் துளையில் வருவது சாதாரண ஸ்டீரியோ. அங்கே டால்பி அல்லது டிடிஎஸ் வைத்திருந்தால், மலிவான பெட்டிகளுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. மௌனமாக இருக்கும், அல்லது "கர்ர்" என்று இரைச்சல் வரும்.

கேபிள் வரிசையையும் சொல்லிவிடுகிறேன்: கன்சோலிலிருந்து பெட்டியின் இன்; பெட்டியின் அவுட்டிலிருந்து எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிள் வழியாக மானிட்டர்; 3.5 எம்எம் துளையிலிருந்து ஸ்பீக்கர்.

ஐந்து ரோடு: எந்தப் பெட்டி வாங்கணும் சார்? கடையில ஆர்க் அடாப்டர்னு ஒண்ணு கொடுக்கிறாங்க.

அதை வாங்காதீர்கள். ஆர்க் அடாப்டர் என்பது டிவியின் ஆர்க் துளையிலிருந்து திரும்பி வரும் சத்தத்தை எடுப்பது. கன்சோலிலிருந்து எடுக்காது. மானிட்டரில் ஆர்க் இருக்காது. வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எச்டிஎம்ஐ இன், எச்டிஎம்ஐ அவுட் இரண்டும் இருக்க வேண்டும், இடிஐடி சுவிட்சும் இருக்க வேண்டும். சுவிட்ச் இல்லாத பெட்டியை, சத்தமே தெரியாத மானிட்டருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓமலூரிலிருந்து, கம்ப்யூட்டர் லேப் பொறுப்பில் இருந்தவர்: டிவிஐ கேபிளில் சத்தத்துக்கு வயரே கிடையாது. டிவிஐ மானிட்டர் வைத்திருப்பவரை எக்ஸ்ட்ராக்டர் வாங்கச் சொல்வது வீண் செலவு.

ஐயா, எச்டிஎம்ஐ கேபிளிலும் சத்தத்துக்கென்று தனி வயர் கிடையாது. படம் போகும் அதே மூன்று ஜோடி வயரில்தான் சத்தமும் போகிறது. திரையில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் முன் ஒரு வெற்று இடைவெளி உண்டு. சத்தம் அந்த இடைவெளியில் ஏறிப் போகிறது. டிவிஐ முறையில் அந்த இடைவெளி காலியாகவே போகும். இரண்டுக்கும் வேறுபாடு வயரில் இல்லை, அனுப்பும் முறையில். எந்த முறையில் அனுப்புவது என்று கன்சோல் முடிவு செய்வது இடிஐடியைப் பார்த்துத்தான். அதனால்தான் அந்தச் சுவிட்ச் வேலை செய்கிறது. மேலும் சத்தம் பெட்டியிலேயே இறங்கிவிடுகிறது, மானிட்டர் வரை போக வேண்டிய தேவையே இல்லை.

ஓமலூர், மறுபடியும்: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டி கன்சோலிடம் அப்படிச் சொன்னால், மானிட்டருக்கும் எச்டிஎம்ஐ முறையிலேயே சிக்னல் போகும். டிவிஐ மானிட்டர் அதைப் புரிந்துகொள்ளுமா?

நல்ல கேள்வி. நீங்கள் சொல்வது சில பெட்டிகளில் நடக்கிறது. பெரும்பாலான மானிட்டர்கள் அந்த இடைவெளியில் என்ன வந்தாலும் கண்டுகொள்ளாது, படம் ஒழுங்காக வரும். சிலவற்றில் படம் முழுக்க இளஞ்சிவப்போ பச்சையோ படியும். டிவிஐ மானிட்டருக்கு ஆர்ஜிபி நிறம் மட்டும்தான் தெரியும். பெட்டியை நம்பி கன்சோல் வேறு முறையில் நிறத்தை அனுப்பினால் இப்படித்தான் ஆகும். கன்சோல் அமைப்பில் ஆர்ஜிபி என்று கட்டாயப்படுத்த வழி இருந்தால் முதலில் அதைச் செய்து பாருங்கள்.

மேட்டூர்: எனக்கு நிறமெல்லாம் சரி. ஆனா இடது ஓரத்துல மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு ரோஸ் கோடு.

ஓமலூர் ஐயா சொன்னது இங்கேதான் வருகிறது. வெற்று இடைவெளியில் வரும் சத்தத் தரவை உங்கள் மானிட்டர் படத்தின் பகுதி என்று எடுத்துக்கொள்கிறது. ஆர்ஜிபி மாற்றினாலும் அந்தக் கோடு போகாது. டிவிஐ மானிட்டருக்கு அனுப்பும்போது சத்தத்தைக் களைந்துவிட்டு அனுப்பும் பெட்டிகளும் உண்டு, ஆனால் அட்டைப்பெட்டியில் அதை யாரும் எழுதுவதில்லை. முடிந்தால் நண்பரிடம் வேறு ஒன்றை வாங்கி மாட்டிப் பாருங்கள்.

ஓமலூர்: நான் சொன்னது சரிதானே!

இந்த மானிட்டருக்குச் சரி ஐயா. வயர் விஷயத்தில் இல்லை.

ஏற்காடு, ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா: எங்க ஹால்ல புரொஜெக்டர் இருக்குங்க. தங்க வர்ற பசங்க கன்சோல் கொண்டு வர்றாங்க. பெட்டி வச்சு ஆம்ப்ளிபயருக்குக் கொடுத்தா சத்தம் வருது, ஆனா எப்பவும் "ஹும்ம்"னு ஒரு இரைச்சல். கரென்ட் ஏறி இறங்குறதாலயா?

வோல்டேஜ் இல்லீங்க அக்கா. சோதிக்க எளிய வழி இருக்கிறது. இரைச்சல் கேட்கும்போது பெட்டியிலிருந்து புரொஜெக்டருக்குப் போகும் எச்டிஎம்ஐயை மட்டும் பிடுங்குங்கள். இரைச்சல் அந்த நொடியே நின்றால், எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். மூன்று பின் புரொஜெக்டர் ஒரு சுவரில், மூன்று பின் ஆம்ப்ளிபயர் இன்னொரு சுவரில். எச்டிஎம்ஐ கேபிளின் உறையும் 3.5 எம்எம் கேபிளின் உறையும் அந்த இரண்டு எர்த்தையும் சேர்த்துவிடுகின்றன.

ஆம்ப்ளிபயரில் ஆப்டிக்கல் துளை இருந்தால் பெட்டியிலிருந்து ஆப்டிக்கல் கேபிள் போடுங்கள். அதில் போவது வெளிச்சம், எர்த் போகாது. இரைச்சல் அதோடு முடிந்தது. புதுக் கேபிளின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறக்காதீர்கள். ஆப்டிக்கல் இல்லையென்றால் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகிப் பாருங்கள், அல்லது 3.5 எம்எம் வழியில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று விற்கும் சின்ன டிரான்ஸ்பார்மரைப் போடுங்கள். யாராவது எர்த் பின்னை வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள். ஷாக் அடிக்கும் விஷயம், அதுவும் வெளியூர்க் குழந்தைகள் தொடும் இடம். மலையில் இடி இறங்கும் நாட்களில் எல்லா பிளக்கையும் எடுத்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி: சத்தம் வரல அண்ணா. மானிட்டர், எக்ஸ்ட்ராக்டர், பிஎஸ்4.

முதல் பதில்.

ஆத்தூர்: பிஎஸ்5, 120 ஹெர்ட்ஸ் கேமிங் மானிட்டர். பெட்டி போட்டதும் 60-க்கு இறங்கிடுச்சு.

2 சிஎச்சில் வைத்திருப்பீர்கள். அந்த நிலையில் சில பெட்டிகள் சத்தத்தோடு நிறுத்தாமல் படத்துக்கும் தங்கள் சொந்தப் பட்டியலையே கன்சோலிடம் கொடுக்கின்றன. அந்தப் பட்டியலில் 120 இருக்காது. பாஸில் வைத்து, பவரை எடுத்துப் போட்டுவிட்டு, Settings > Screen and Video > Video Output > Video Output Information-ல் என்ன வருகிறது பாருங்கள். உங்கள் மானிட்டர் தன் இடிஐடியில் சத்தம் வாங்குவதாகச் சொல்கிறது என்றால் பாஸிலேயே சத்தமும் வரும். 1080பி-யில் 120 என்றால் 18 ஜிபிபிஎஸ் பெட்டியில் வேகம் தாராளம். 4கே-யில் 120 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.1 பெட்டிதான், அது விலை அதிகம்.

அதற்கு முன் மானிட்டரின் பின்பக்கம் தடவிப் பாருங்கள். கேமிங் மானிட்டர்கள் பலவற்றில் ஹெட்போன் துளை இருக்கும். இருந்தால் ஸ்பீக்கரை அதில் சொருகுங்கள், பெட்டியே வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை: எங்க டிவியில சத்தம் கம்மியா இருக்கு, எக்ஸ்ட்ராக்டர் போட்டா ஏறுமா?

உங்கள் டிவியில் ஆப்டிக்கல் அல்லது ஆர்க் இருக்கும். அதிலிருந்து சவுண்ட்பாருக்குக் கொடுங்கள். இந்தப் பெட்டி உங்களுக்கு வேண்டாம்.

கொண்டலாம்பட்டி: பெட்டி போட்டா சத்தம் தாமதமாகுமா?

காதுக்குத் தெரியும் அளவுக்கு ஆகாது. தாமதம் வந்தால் ஸ்பீக்கரை ப்ளூடூத்தில் இணைத்திருக்கிறீர்களா பாருங்கள்.

வாழப்பாடி: ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் போட்டும் சத்தம் வரல சார். சுவிட்ச் மாத்திட்டேன்.

பவரை எடுத்துவிட்டு மாற்றினீர்களா? கன்சோலை முழுசாக அணைத்தீர்களா? Linear PCM வைத்தீர்களா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் மட்டும் மறுபடி எழுதுங்கள், பெட்டியின் சுவிட்சுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். இதையே இன்றைக்குப் பலமுறை எழுதிவிட்டேன்.

அம்மாபேட்டைத் தம்பி, மீண்டும்: அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். இப்ப சத்தம் வருது, மெனுவில டிக் டிக்னு கேக்குது. ஆனா மானிட்டர்ல "அவுட் ஆஃப் ரேஞ்ச்"னு வந்து இருட்டாயிடுச்சு. 1280x1024 மானிட்டர்.

சத்தம் வந்துவிட்டது, சரி. உங்கள் பெட்டியும் ஆத்தூர்க்காரர் பெட்டி போலத்தான்: தன் சொந்தப் பட்டியலில் 1080பி இருக்கிறது என்று சொல்கிறது, கன்சோல் அதை நம்புகிறது. உங்கள் மானிட்டர் சதுரத்தை ஒட்டிய பழைய வடிவம், அதற்கு 1080பி தாங்காது. மறுபடி பாஸுக்குப் போங்கள், பவரை எடுத்துவிட்டு மாற்றுவது நினைவிருக்கட்டும். படம் வந்ததும் Settings > Sound and Screen > Video Output Settings-ல் ரெசல்யூஷனை Automatic-இலிருந்து 720p-க்கு மாற்றி வையுங்கள். அந்த 720-ல் படம் நிலையாக நிற்கிறதா ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். நின்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 2 சிஎச்சுக்குத் திரும்புங்கள். படம் மேலும் கீழும் இழுத்தது போல இருக்கும், அது மானிட்டரின் வடிவம். 720-லும் இருட்டு என்றால் அந்த மானிட்டரோடு இந்தப் பெட்டி ஒத்துப்போகாது. அதுவரை கன்ட்ரோலரின் அடியில் இருக்கும் ஹெட்போன் துளையில் ஸ்பீக்கரைச் சொருகி ஆடுங்கள். Settings > Devices > Audio Devices-ல் Output to Headphones என்பதை All Audio என்று வைத்தால் போதும்.