84 சதவீதம் இருந்தும் போன் ஏன் அணைகிறது? பற்றரி கேள்வி பதில்

அண்ணா, ஐபோன் 11. Battery Health 84 காட்டுது. 80க்குக் கீழே போனால்தானே மாற்ற வேணும்? ஆனால் சார்ஜ் 30இலேயே அணைஞ்சு போகுது. (மாங்குளம்)

தம்பி, அந்த 84 பற்றரி எவ்வளவு கொள்ளும் என்பதற்கான கணிப்பு மட்டும்தான். எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் என்று அது சொல்லாது. பற்றரி பழசாகும்போது உள்ளே தடை கூடும். சும்மா கிடக்கும் போனில் அது தெரியாது. கமராவைத் திறந்தால், வீடியோ அழைப்பு எடுத்தால், ஒரேயடியாக மின் இழுக்கும். வோல்ட்டேஜ் விழுந்து போன் அணையும். கோபுரம் எட்டாத வயல் பக்கத்தில் சிக்னலைத் தேடும்போதும் இதேதான்.

எந்த வேலையின்போது அணைகிறது என்று இரண்டு மூன்று தடவை குறித்து வையுங்கள். அணைந்ததும் சார்ஜரில் போட்டுத் திறவுங்கள். உடனே 25, 28 என்று காட்டினால், மின் உள்ளே இருந்தும் கொடுக்க முடியாத பற்றரி. 84ஆக இருந்தாலும் மாற்றுங்கள். சார்ஜர் போடாமலே தானாக மறுபடி திறந்துகொண்டால் பற்றரியைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். மென்பொருள் பிழையாகவும் இருக்கலாம்.

கரண்ட் போகுமெண்டு நாளுக்கு நாலு தடவை சார்ஜ் போடுறன். ஒரு தடவை போட்டால் ஒரு சுழற்சி. வருசத்துக்கு 1460! (கிளிநொச்சி)

அக்கா, கணக்குச் சரி, தொடக்கம்தான் பிழை. செருகும் தடவை எண்ணப்படுவதில்லை. இன்று 60, நாளை 40 செலவழித்தால் இரண்டு நாளும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி. ஐபோன் 15 முதல் இந்த எண்ணிக்கையை அமைப்பிலேயே பார்க்கலாம். அவை 1000 சுழற்சியில் 80 சதவீதம் தக்கவைக்க வடிவமைக்கப்பட்டவை. 14 வரையானவற்றுக்கு 500தான். ஆக ஐபோன் 15இல் 310 சுழற்சியும் 91 சதவீதமும் என்றால் அதைத் தொடாமல் விடுங்கள். ஆனால் மோட்டார் சைக்கிளின் முன்னால் பொருத்தி நண்பகல் வெயிலில் ஓடினால் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே சதவீதம் இறங்கும். வெப்பம் சுழற்சி எண்ணிக்கையில் ஏறாது.

எனக்கு எப்பவும் விடிய 100 காட்டுது. அப்ப நல்ல பற்றரிதானே?

ஐயா, அது திரையின் மூலையில் காட்டும் சார்ஜ். நான் சொல்வது Battery Health எண். போனின் முதுகு உப்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உப்பியிருந்தால் எண்ணே தேவையில்லை, இன்றே பாவிப்பதை நிறுத்துங்கள்.

பழைய ஐபோன் 12 வாங்கப் போறன். Battery Health 100 சதவீதமாம். (முல்லைத்தீவு)

அந்த வயதுக்கு 100 என்றால் பற்றரி மாற்றியிருக்க வேண்டும். Settings > General > About பக்கத்தில் Parts and Service History வருகிறதா, பற்றரிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்த எண்ணைக் கருவியால் மாற்றி எழுதும் கடைகளும் உண்டு. அதனால் வாங்கும் இடத்திலேயே கால் மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, சார்ஜ் ஒழுங்காக இறங்குகிறதா அல்லது பாய்ந்து விழுகிறதா என்று பாருங்கள்.

போன மாதம் 89, இப்ப 83. மாற்றட்டா?

கணிப்புத் திருத்தப்பட்டிருக்கலாம், உண்மையாகவே விழுந்தும் இருக்கலாம். நாள் முழுக்க சார்ஜ் தாங்கினால் பொறுங்கள். மூன்று கிழமை கழித்து எண்ணை எழுதுங்கள், பார்ப்போம்.