கூட்டிச் சொன்னதில் நின்றுபோன கிரயம்

“வீட்டு புரோக்கர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறேன். விளம்பரத்தில் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் போன் வருகிறது. எதுவரை கூட்டலாம்?”

ஒரு சதுர அடிகூடக் கூட்டாதீர்கள். வங்கிக்காக வீடுகளை மதிப்பிடும் பொறியாளன் நான். நீங்கள் எழுதியதை முதலில் நம்புகிறவர் வாங்குபவர். கடைசியில் அளந்து பார்க்கிறவர்கள் எங்களைப் போன்றவர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வியாபாரம் எப்படி முறிகிறது என்பதைச் சொல்கிறேன்.

சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. இருபத்து நான்கு வயதுத் தம்பி ஒருவர் அதை விளம்பரம் செய்திருந்தார்: “1,050 சதுர அடி, கார் பார்க்கிங் உண்டு, 90 சதவீத வங்கிக் கடன் உறுதி, விலை 62 லட்சம்.” வேலைக்குப் போகும் இளம் தம்பதி வந்தார்கள், வீடு பிடித்துப்போய் ஒரு லட்சம் டோக்கன் கொடுத்தார்கள். கடன் விண்ணப்பம் வங்கிக்குப் போனது, வீட்டை அளக்க நான் போனேன்.

சுவருக்குச் சுவர் அளந்ததில் உள்ளே புழங்கும் இடம் 745 சதுர அடிதான். 1,050 என்பது பொய்யில்லை. பத்திரத்திலும் அதுதான் இருந்தது. ஆனால் அதில் சுவர்களின் கனம், படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் அந்த வீட்டுக்கு வரும் பங்கும் சேர்ந்திருக்கிறது. வாங்குபவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. பெரிய அறையில் டேப்பை நீட்டியபோது அந்தப் பெண், “இங்கே பத்து அடிதானா? கட்டில் போட்டால் அலமாரிக் கதவு திறக்காதே” என்றார். தம்பி பதில் பேசவில்லை.

அடுத்தது பார்க்கிங். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் மனையில் பிரிபடாத பங்கு 410 சதுர அடி என்று இருந்தது. கார் நிறுத்தும் இடம் பற்றி ஒரு வரி இல்லை. உரிமையாளர் பல வருடமாகத் தூண் ஓரத்தில் காரை விட்டிருக்கிறார், அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பத்திரத்தில் இல்லாத ஒன்றுக்கு நான் மதிப்புப் போட முடியாது. என் மதிப்பீடு 58 லட்சத்தில் நின்றது.

இனி கடன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. 90 சதவீதம் என்பது 30 லட்சம் வரையிலான கடனுக்கு. தம்பி யாரோ சொன்னதை அப்படியே எழுதிவிட்டார். தம்பதியோ 62 லட்சத்தில் 90 சதவீதம், அதாவது 55.8 லட்சம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மீதி 6.2 லட்சம், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம் என்றால் 5.58 லட்சம், கையிலிருந்த 12 லட்சம் அதற்குச் சரியாக இருந்தது. வங்கி தரக்கூடியது 58 லட்சத்தில் 80 சதவீதம், 46.4 லட்சம். எதிர்பார்த்த கடனில் 9.4 லட்சம் குறைந்தது. நகையை விற்கலாமா என்றுகூட யோசித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள்.

டோக்கனைத் திருப்பி வாங்கித் தருவதற்குள் தம்பி உரிமையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வீடு வேறு புரோக்கர் கைக்குப் போனது. இரண்டு பக்கமும் ஒரு சதவீதம் என்று பேசியிருந்த கமிஷன் 1.24 லட்சம் போயிற்று. எனக்கு அதைவிட அந்தத் தம்பதியை நினைத்துத்தான் வருத்தம். பிள்ளையைச் சேர்க்கப் பக்கத்துப் பள்ளியில் விசாரித்தே வைத்திருந்தார்கள்.

சில மாதம் கழித்து அதே குடியிருப்பின் மூன்றாம் மாடி வீட்டை எழுத அந்தத் தம்பி என்னிடம் வந்தார். முதலில் உரிமையாளரிடம் பத்திர நகல் வாங்கச் சொன்னேன், பிறகு டேப்போடு போகச் சொன்னேன். அவர் எழுதியது இது:

“உள்அளவு 745 சதுர அடி, பத்திரத்தில் 1,050. மனைப் பங்கு 410. கார் நிறுத்தும் உரிமை பத்திரத்தில் இல்லை, பைக் நிறுத்தலாம். போர் தண்ணீர் உப்பு, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். கடன் வங்கி மதிப்பீட்டைப் பொறுத்தது, 80 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். விலை 59 லட்சம்.”

உரிமையாளர் கோபப்பட்டார்: “குறையை எழுதினால் யார் தம்பி வருவார்கள்?” போன் உண்மையிலேயே குறைவாகத்தான் வந்தது. ஆனால் கார் வைத்திருப்பவர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பும் வீண் அலைச்சல் இல்லை. வந்தவர்களில் பைக்கில் வேலைக்குப் போகும் ஒருவர், தண்ணீருக்காக ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்டார். 58.5 லட்சத்தில் முடிந்தது. மதிப்பீடு வந்த அன்று யாருக்கும் அதிர்ச்சி இல்லை.

எல்லா உரிமையாளரும் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. பத்திர நகல் தர மறுத்து வேறு ஆளிடம் போகிறவர்கள் உண்டு. அந்த வீடுகளை அந்தத் தம்பி இப்போது எடுப்பதில்லை, நீங்களும் எடுக்காதீர்கள்.